கண்டிஷன் பெயில்: கையெழுத்து தவறினால் என்ன ஆகும், ஜாமீன் எப்போது ரத்தாகும்?

சார், என் தம்பி கண்டிஷன் பெயில்ல வந்தான். நாலு நாளா ஸ்டேஷன்ல கையெழுத்து போடல. பெயில் தானா ரத்தாயிடுமா?

தானாக ரத்தாகாது. ஜாமீன் கொடுத்தது கோர்ட். அதைத் திரும்ப எடுப்பதும் கோர்ட்டின் உத்தரவாகத்தான் வரவேண்டும். "கையெழுத்து போடலல்ல, நாளைக்கு வந்து தூக்குறேன்" என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் அது மிரட்டல் மட்டுமே. ரத்து உத்தரவோ வாரண்டோ கையில் இல்லாமல் அதே கேஸில் அவனை மறுபடி கைது செய்ய போலீஸுக்கு அதிகாரம் இல்லை. புதிதாக வேறு கேஸ் போட்டால் அது தனிக்கதை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வழக்கமாக நடப்பது இது. இன்ஸ்பெக்டர், "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வரவில்லை" என்று அறிக்கை எழுதி அரசு வக்கீலுக்கு அனுப்புவார். அரசு வக்கீல் ஜாமீனை ரத்து செய்யக் கோரி மனு போடுவார். கோர்ட் உங்கள் தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பி, அவன் தரப்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யும். செஷன்ஸ் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் இதைச் செய்வது பி.என்.எஸ்.எஸ். என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 483(3) பிரிவின் கீழ். பழைய வக்கீல்கள் இன்றைக்கும் பழைய சட்டத்தின் எண்ணான "439(2)" என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். மாஜிஸ்திரேட் தான் கொடுத்த ஜாமீனை 480(5) பிரிவில் ரத்து செய்யலாம்.

"ஜாமீன் கொடுத்தது ஹைகோர்ட், கீழ்க்கோர்ட் என்ன செய்துவிடும்" என்று சிலர் அசட்டையாக இருப்பார்கள். உங்கள் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நிபந்தனையை மீறினால், அந்த ஜாமீனைத் தானே கொடுத்ததுபோல் பாவித்து மாஜிஸ்திரேட்டோ விசாரணைக் கோர்ட்டோ நடவடிக்கை எடுக்கலாம் என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவுகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். பி.கே. ஷாஜி எதிர் கேரள அரசு என்ற 2005-ம் வருட சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை அதில் மேற்கோள் காட்டியிருப்பார்கள். அந்த வரி இருந்தால், ரத்து மனு ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே எடுபடும்.

ஒரு நாள் விட்டாலும் குத்தம்தானே? கோர்ட் எதை வச்சு முடிவு பண்ணும்?

மீறல் மீறல்தான். ஆனால் ஒவ்வொரு மீறலுக்கும் ஜாமீன் போய்விடாது. ஜாமீன் கேட்கும் மனுவை மறுப்பது வேறு, கொடுத்த ஜாமீனைப் பறிப்பது வேறு, இரண்டாவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும் என்பது டோலத் ராம் எதிர் ஹரியானா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1995-ல் தொகுப்பில் வெளியான அந்தத் தீர்ப்பைத்தான் இரண்டு தரப்பு வக்கீல்களும் இன்றுவரை தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அதை வைத்துக் கோர்ட் பார்க்கும் விஷயங்கள் ஏறக்குறைய மூன்று. இவன் வழக்கின் போக்கில் கைவைத்தானா, அதாவது சாட்சியை மிரட்டினானா, தடயத்தை அழித்தானா? ஓடி ஒளிந்தானா, அல்லது ஒளியப் பார்க்கிறானா? கிடைத்த சலுகையை வேறு எப்படியாவது துஷ்பிரயோகம் செய்தானா? நாலு நாள் கையெழுத்து விட்டவன் வீட்டில் டெங்கு காய்ச்சலோடு படுத்திருந்தால் மூன்றும் இல்லை. அதே நாலு நாளில் செல்போனை அணைத்துவிட்டு ஆந்திரா பக்கம் போயிருந்தால் இரண்டாவது வந்துவிடும். கோர்ட் நாளை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை, காரணத்தையும் எடை போடும்.

இதில் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. ஜாமீன் கொடுத்ததே தவறு, முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள் என்று பாதிக்கப்பட்டவர் மேல்கோர்ட்டுக்குப் போனால், அங்கே உங்கள் நடத்தை கேள்வியே இல்லை. ஒரு நாள் தவறாமல் கையெழுத்து போட்டிருந்தாலும் அந்த உத்தரவு ரத்தாகலாம்.

போட்டுல கடலுக்குப் போற பையன் தெனமும் பத்தரைக்கு எப்படி சார் ஸ்டேஷன்ல நிப்பான்?

காசிமேட்டில் இருந்து இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு தேதிவாரியாகப் பார்ப்போம்.

விசைப்படகில் வேலை செய்யும் 22 வயசுப் பையன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற அந்த நாளில், மே மாதம், வலை பின்னுகிற இடத்தில் ஒரு தகராறு. கத்திக்குத்து. கொலை முயற்சி என்று பி.என்.எஸ். என்ற புதுத் தண்டனைச் சட்டத்தின் 109 பிரிவில் கேஸ். புழல் ஜெயிலில் மூன்று வாரம் இருந்துவிட்டு, ஜூன் 3-ம் தேதி செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன். பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர். தாய்மாமன் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகி கையெழுத்து போடவேண்டும்.

ஜூன் 4 முதல் 14 வரை பையன் ஒழுங்காகப் போகிறான். வேலைதான் இல்லையே! 15-ம் தேதி தடை முடிகிறது. டீசல், ஐஸ் எல்லாம் ஏற்றிப் படகு கிளம்புகிறது. கரைக்கு வருவது 23-ம் தேதி ராத்திரி. 15 முதல் 23 வரை ஒன்பது நாள் ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே காலி. 24-ம் தேதி ஸ்டேஷனுக்குப் போனால், "அறிக்கை போயாச்சு, கோர்ட்ல பாத்துக்கோ" என்கிறார்கள்.

தப்பு எங்கே நடந்தது? 15-ம் தேதி படகில் ஏறியது இரண்டாவது தப்பு. முதல் தப்பு, ஜூன் 4-ம் தேதியில் இருந்து 14 வரை பதினோரு நாள் கையில் இருந்தும் வக்கீலிடம் தொழிலைப் பற்றி வாயைத் திறக்காதது. தடைக்காலம் எப்போது முடியும் என்று காலண்டரிலேயே இருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு, ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் மனு போட்டிருக்கலாம். இதைத்தான் கோர்ட் வாசலில் "ரிலாக்ஸேஷன் பெட்டிஷன்" என்கிறார்கள். மாஜிஸ்திரேட் விதித்த நிபந்தனை என்றால் அதை மாற்றவோ நீக்கவோ செஷன்ஸ் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும் 483 பிரிவிலேயே அதிகாரம் இருக்கிறது.

அந்த மனுவோடு என்னென்ன வைக்கலாம்? படகு உரிமையாளர் கொடுக்கும் கடிதம், அதில் படகின் பதிவு எண்ணும் ஒரு நடைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதும் இருக்கட்டும். பையனின் மீனவர் அடையாள அட்டை. இதுவரை ஒரு நாளும் தவறாமல் கையெழுத்து போட்டான் என்ற விவரம். இதற்குக் கோர்ட் நிபந்தனையை முழுசாக நீக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், விசாரணை முடியாத நிலையில் பெரும்பாலும் நீக்காது. ஆனால் தினசரி என்பதை வாரம் ஒரு நாள் ஆக்கலாம், அல்லது கரைக்கு வந்த மறுநாள் ஆஜராகச் சொல்லலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு தளர்த்துவது இன்னும் சுலபம், ஏனென்றால் விசாரணை அதிகாரிக்கு இவன் தினமும் எதிரில் நிற்க வேண்டிய தேவை அதோடு முடிகிறது.

மனு நிலுவையில் இருக்கும்போது நிபந்தனை அப்படியே உயிரோடுதான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பெட்டிஷன் போட்டாச்சு சார்" என்று சொல்லிக்கொண்டு படகேறியவர்களும் உண்டு.

சரி, நடந்தது நடந்துவிட்டது. 24-ம் தேதி அவன் செய்ய வேண்டியது என்ன? அன்றைக்கே 10.30-க்கு ஸ்டேஷனில் நின்று, அன்றைய கையெழுத்தை மட்டும் போட வேண்டும். விட்டுப்போன ஒன்பது நாளுக்கும் சேர்த்துப் போடச் சொன்னாலும் போடக் கூடாது. கடலில் இருந்த நாளில் ஸ்டேஷனில் கையெழுத்து இருந்தால், பொய்யாக எழுதியது என்ற புதுத் தலைவலி வரும். அன்றைக்கே வக்கீலைப் பார்த்து ரத்து மனுவுக்கு எதிர்மனுவும், கூடவே தளர்வு மனுவும் தயார் செய்ய வேண்டும். டீசல் பில், ஐஸ் பில், படகு உரிமையாளரின் பிரமாணப் பத்திரம், இதெல்லாம் அவன் ஓடி ஒளியவில்லை, பிழைப்புக்குப் போனான் என்று காட்டும்.

இப்படி உண்மையைச் சொல்லி வருகிறவனை, முதல் தடவை என்றால், பெரும்பாலும் எச்சரித்து விடுவார்கள். நிபந்தனையைக் கொஞ்சம் இறுக்கவும் செய்யலாம். அதே பையன் ஜூலையிலும் இன்னொரு நடை போய்விட்டு அதே டீசல் பில்லோடு வந்து நின்றால், நான் அவனுக்கு நம்பிக்கையாக எதுவும் சொல்ல மாட்டேன்.

நான் போனேன் சார். "அய்யா இல்ல, அப்புறம் வா"ன்னு அனுப்பிட்டாங்க. இப்ப வரவே இல்லன்னு எழுதிட்டாங்க.

நடக்கிற விஷயம்தான். அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருப்பார், ரிஜிஸ்டர் பீரோவுக்குள் இருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும், பிறகு கோர்ட்டில் கேட்கும்போது உங்களிடம் வாய்வார்த்தை மட்டும் இருந்தால் ரிஜிஸ்டர்தான் ஜெயிக்கும்.

ஆகவே திருப்பி அனுப்பிய அன்றைக்கே ஒரு தடயம் உண்டாக்குங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில், எத்தனை மணிக்குப் போனேன், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நாலு வரி. அன்று மாலைக்குள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியும் டெலிவரி அத்தாட்சியும் சேர்த்து. ஒரு நகல் கோர்ட்டுக்கு. இந்தச் சின்னச் செலவுக்குக் கணக்குப் பார்த்து இதைச் செய்யாமல் விட்டவர்கள் பிறகு ரொம்ப வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்டேஷன்களில் கண்காணிப்பு கேமரா இருக்க வேண்டும், அதன் பதிவைப் பல மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. ரத்து மனு நோட்டீஸ் வந்தவுடனே, அந்தத் தேதிகளின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கோர்ட்டிலேயே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "மிஷின் ரிப்பேர்" என்ற பதில்தான் கிடைக்கும்.

குத்துப்பட்டவர் வீட்டுக்குப் போய் சமாதானம் பேசலாம்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. போகலாமா?

போகக் கூடாது. ஜாமீனில் வந்தவன் போகக் கூடாது, அவன் அம்மா போகக் கூடாது, அக்கா போகக் கூடாது.

எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைப்பது கஷ்டம். ஒரே தெரு, ஒரே கோயில் திருவிழா, பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்காவிட்டால்தான் தப்பு என்று நினைப்பார்கள். அந்த மனசு நல்ல மனசுதான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதோ ஆயிடுச்சு, கேஸை இழுக்காதீங்க, என்ன செலவோ நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்ன அந்த வாக்கியம், மறுநாள் புகாராக எழுதப்படும்போது வேறு மாதிரி ஆகிவிடும். "சாட்சி சொல்லாமல் இருக்கப் பணம் தருவதாக ஆசை காட்டினார்கள், மறுத்ததும் மிரட்டினார்கள்." இரண்டாவது பாதி நடக்கவே இல்லை என்றாலும், முதல் பாதியே போதும்.

ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், வழக்கின் விவரம் தெரிந்த யாரையும் மிரட்டவோ ஆசைகாட்டவோ கூடாது என்ற நிபந்தனையைச் சட்டமே போடச் சொல்கிறது. 480(3) பிரிவு. கையெழுத்து விட்டதை மன்னிக்கிற அதே நீதிபதி இதை மன்னிக்க மாட்டார். டோலத் ராம் தீர்ப்பு சொல்லும் முதல் காரணமே இதுதான். ஜாமீன் போவதோடு முடியாது. பொய்ச்சாட்சி சொல்ல வைக்க மிரட்டினால் பி.என்.எஸ். 232 பிரிவில் தனிக் கேஸ், ஏழு வருஷம் வரை தண்டனை.

ராஜி ஆகவே முடியாதா என்று கேட்பீர்கள். அந்தப் பேச்சு இரண்டு பக்கத்து வக்கீல்கள் வழியாக மட்டும் நடக்கட்டும். கொலை முயற்சி வழக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ராஜி சொல்லி முடிக்கச் சட்டத்தில் இடம் இல்லை. ஹைகோர்ட்டில் கேஸை ரத்து செய்யக் கேட்கலாம், அங்கேயும் இந்த மாதிரி பெரிய குற்றத்தில் சுலபமாகச் சம்மதிக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இதில் சேர்த்திதான். ஜாமீனில் வந்த அன்றைக்கு மாலை போட்டு, பட்டாசு வெடித்து, "சிங்கம் வெளியே வந்துடுச்சு" என்று ரீல்ஸ் போடுவது இப்போது ஒரு வியாதி. அதைப் பென் டிரைவில் ஏற்றி ரத்து மனுவோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

கையெழுத்து வேற, வாய்தா வேறயா? வாய்தாவுக்குப் போகலன்னா என்ன?

முற்றிலும் வேறு. கையெழுத்து என்பது விசாரணைக் காலத்தில் போலீஸ் முன்னால். வாய்தா என்பது குற்றப்பத்திரிகைக்குப் பிறகு கோர்ட் முன்னால். கையெழுத்து விட்டால் அரசு வக்கீல் மனு போட்டு, நோட்டீஸ் வந்து, உங்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும். வாய்தா விட்டால் யாரும் மனு போட வேண்டியதில்லை. பெயர் கூப்பிட்டு நீங்கள் இல்லை, உங்களுக்காக வக்கீலும் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்றால், அன்றைக்கே ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட் போடலாம். அது கோர்ட் திரும்பப் பெறும்வரையோ உங்களைப் பிடிக்கும்வரையோ செத்துப்போகாது. இரண்டு வருஷம் கழித்து வாகனச் சோதனையில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வர முடியாத நியாயமான காரணம் இருந்தால் அன்று காலையே வக்கீலிடம் சொல்லி, ஆஜராவதில் இருந்து விலக்கு மனு போட வேண்டும். இதைக் கோர்ட்டில் எல்லாரும் "317" என்பார்கள். புதுச் சட்டத்தில் 355, ஆனால் பழைய எண் நாக்கை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். வாரண்ட் போட்டுவிட்டார்கள் என்றால், போலீஸ் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அதே கோர்ட்டில் ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் போகிறவரையும் எட்டு மாதம் கழித்துப் பிடிபடுகிறவரையும் கோர்ட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

வாரண்டோடு வேறு மூன்றும் வரும். பிணைப் பத்திரம் பறிமுதலாகிறது. பத்திரம் ரத்தாகிறது, அதன் பிறகு, தவறியதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கோர்ட் கருதினால், அந்த வழக்கில் உங்கள் சொந்தப் பத்திரத்தை மட்டும் நம்பி விட மாட்டார்கள், புதிதாக ஜாமீன்தாரர் தேட வேண்டும். மூன்றாவது, பி.என்.எஸ். 269 பிரிவில் புதுக் கேஸ் போடலாம். ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் கவனிக்க வேண்டியது, தகுந்த காரணத்தோடுதான் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். மூல வழக்கில் விடுதலை ஆனவருக்கும் இது தனியாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்கும் வராவிட்டால் அறிவிப்பு வெளியிட்டுத் தேடப்படும் நபராக்குவார்கள். அறிவிப்பை மதிக்காததற்கு மூன்று வருஷம் வரை, கடுமையான குற்றங்களில் பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி என்று கோர்ட் அறிவித்துவிட்டால் ஏழு வருஷம் வரை தண்டனை இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்து போட்டது என் மாமா. அவர் பணம் கட்டணுமா?

காசிமேட்டுப் பையன் கணக்கையே எடுப்போம். பத்திரம் பறிமுதலானால் அவன் தன் பத்தாயிரத்துக்குப் பொறுப்பு, மாமா தன் பத்தாயிரத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரர் தன் பத்தாயிரத்துக்கு. ஆக ஒருவன் ஒரு வாய்தா விட்டதற்கு மூன்று வீட்டில் இருந்து முப்பதாயிரம் வரை போகலாம்.

உடனே பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். பணத்தைக் கட்டு, அல்லது ஏன் கட்டத் தேவையில்லை என்று சொல் என்று கோர்ட் நோட்டீஸ் கொடுக்கும். பி.என்.எஸ்.எஸ். 491. மாமா அந்த நோட்டீஸைக் குப்பையில் போட்டால், தொகையை அபராதம் போல வசூலிப்பார்கள். வசூலாகவில்லை என்றால் ஜாமீன்தாரரைச் சிவில் சிறையில் ஆறு மாதம் வரை வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. மாறாக, மாமாவே தேடிப்பிடித்துப் பையனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நான் கூலி வேலை செய்பவன், பையனை ஆஜர்படுத்திவிட்டேன்" என்று சொன்னால், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. பல நேரம் செய்கிறார்கள்.

பையன் போக்கு சரியில்லை என்று முன்பே தெரிந்துவிட்டால் மாமா 489 பிரிவில் தன்னை விடுவிக்க மனு போடலாம். அப்போது கோர்ட் பையனுக்கு வாரண்ட் அனுப்பி வரவழைக்கும். வேறு ஜாமீன்தாரர் கொண்டுவந்தால் வெளியே இருப்பான், இல்லையென்றால் உள்ளே போவான். சொந்தத்தில் சண்டை வரும்தான். முடிவு மாமா கையில்.

காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கிற ஆட்கள் கோர்ட் பக்கம் சுற்றுவார்கள். அவர்கள் கொடுக்கும் காகிதம் போலி என்று தெரிந்தால் ஜாமீனும் போய், உங்கள் மேல் மோசடிக் கேஸும் வரும்.

ஜாமீன்ல வந்த பிறகு, குத்துப்பட்டவர் ஆஸ்பத்திரியில இறந்துட்டார். இப்ப என்ன?

போலீஸ் கொலை முயற்சிப் பிரிவை நீக்கி, கொலை என்று 103 பிரிவுக்கு மாற்றிக் கோர்ட்டுக்குத் தெரிவிக்கும். பழைய ஜாமீன் அப்போதே மறைந்துவிடாது. ஆனால் அதை நம்பி வீட்டில் தூங்கவும் முடியாது. கடுமையான பிரிவு சேர்ந்தால், ஜாமீனில் இருப்பவரைக் கைது செய்யப் போலீஸ் கோர்ட்டின் உத்தரவு வாங்க வேண்டும் என்று 2019-ல் பிரதீப் ராம் எதிர் ஜார்க்கண்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்த இடைவெளியில் நீங்களே சரணடைந்து புதிய பிரிவுக்கு ஜாமீன் கேட்கலாம். தலைமறைவானால், பிறகு எந்த ஜாமீன் மனுவிலும் முதல் எதிர்ப்பாக அதுவே வரும்.

90 நாள்ல சார்ஜ்ஷீட் போடலன்னு கிடைச்ச பெயில். அதையும் ரத்து பண்ணுவாங்களா?

நிபந்தனை மீறினால் மற்ற ஜாமீனைப் போலவேதான். பிறகு சார்ஜ்ஷீட் போட்டுவிட்டோம் என்பதை மட்டும் காரணம் காட்டி ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையில் வலுவான தனிக் காரணம் தெரிந்தால் வழக்கின் தன்மையைப் பார்த்தும் ரத்து செய்யலாம் என்று 2023 ஜனவரியில் கங்கி ரெட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

பெயில்ல இருக்கும்போது இன்னொரு கேஸ்ல பேரைச் சேர்த்துட்டாங்க.

அதே மாதிரிக் குற்றம் செய்யக் கூடாது என்பதும் 480(3)-ல் உள்ள நிபந்தனை. புது எஃப்.ஐ.ஆர். ஒன்று இருக்கிறது என்பதே போதாது, அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று கோர்ட் பார்க்கும். குடித்துவிட்டுச் சத்தம் போட்ட கேஸும், பழைய கேஸின் சாட்சியையே வெட்டிய கேஸும் ஒன்றில்லை.

வட சென்னையில் போலீஸ் பல சமயம் ரத்து மனு என்ற வழியையே தொடாமல், நேராக குண்டாஸ் போட்டுவிடும். 1982-ம் வருட தமிழ்நாடு சட்டம் அது, போலீஸ் கமிஷனர் உத்தரவில் ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். ஜாமீனில் இருப்பவர் நிபந்தனையை மீறினால் ரத்து மனு போடுவதுதான் சரியான வழி, தடுப்புக் காவல் அல்ல என்று 2025 ஜூனில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. குண்டாஸை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போகிறவர்கள் அதை உங்கள் வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

ரத்தாயிடுச்சு. பையன் புழல்ல இருக்கான். திரும்ப பெயில் கேட்கவே முடியாதா?

கேட்கலாம். இரண்டு வழி. ரத்து உத்தரவே தவறு என்றால், உதாரணமாக நோட்டீஸ் வரவே இல்லை, உங்கள் பக்கத்தைக் கேட்கவே இல்லை என்றால், மேல்கோர்ட்டுக்குப் போய் அந்த உத்தரவை எதிர்க்கலாம். உத்தரவு சரிதான் என்றால், அதே கோர்ட்டில் புதிதாக ஜாமீன் மனு. ஆனால் முந்தைய மனுவுக்கும் இதற்கும் இடையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். ரத்தான மறுவாரமே அதே காரணத்தை எழுதிக்கொண்டு போனால் தள்ளுபடிதான் ஆகும். குற்றப்பத்திரிகை தாக்கலானது, முக்கிய சாட்சிகளை விசாரித்து முடித்தது, கூட இருந்தவர்கள் வெளியே வந்தது, இவையெல்லாம் மாற்றம். சாட்சியை மிரட்டியதாக ரத்தானது என்றால், அந்தச் சாட்சி கூண்டில் ஏறி இறங்கும்வரை பொறுத்துவிட்டுக் கேட்பதே நல்லது. முன்னால் கேட்டால் பலன் இருக்காது.

மறுபடி கிடைக்கும்போது நிபந்தனை கூடும். பத்தாயிரம் இருபத்தைந்தாயிரம் ஆகலாம், ஜாமீன்தாரரில் ஒருவர் இரத்த உறவாக இருக்கச் சொல்லலாம், வழக்கு முடியும்வரை வேறு ஊரில் தங்கி அங்கே கையெழுத்து போடச் சொல்லலாம். காசிமேட்டுப் பையனைத் திருச்சியில் தங்கச் சொன்னால் அவன் கடல் தொழில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் தடவை புழலில் இருந்த நாளும் இந்தத் தடவை இருக்கிற நாளும் வீணாகாது. தண்டனை வந்தால் இரண்டையும் கூட்டி அதில் கழிப்பார்கள், ஜாமீனில் வெளியே இருந்த நாள் மட்டும் கணக்கில் வராது. ஆகவே ஒவ்வொரு தடவையும் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, ரிமாண்ட் உத்தரவின் நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். வக்கீல் வைக்கக் கையில் காசு இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசி இலவசச் சட்ட உதவி கேட்கலாம், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே அது உண்டு.